முதல் வெளிநாட்டு ஆஃபர்: முதல் சம்பளம் வருவதற்கு முன்னால் வரும் பில் யாருடையது?

கேள்வி: லண்டனில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனம் ஆண்டுக்கு 72,000 பவுண்ட் ஆஃபர் கொடுத்திருக்கிறது. 5,000 பவுண்ட் சைனிங் போனஸ். அதோடு "ரிலோகேஷனுக்கு உதவுவோம்" என்று ஒரே ஒரு வரி. மனைவி, நான்கு வயது மகளுடன் போகிறேன். பிப்ரவரி தொடக்கத்தில் சேரச் சொல்கிறார்கள். வெளிநாட்டு வேலை இதுதான் முதல் முறை. எதை, எவ்வளவு, எப்படிக் கேட்பது?

பதில்:

இப்படிப்பட்ட ஆஃபர்களை நிறுவனத்தின் பக்கம் இருந்து பல ஆண்டுகள் தயாரித்துக் கொடுத்திருக்கிறேன். முதல் முறை போகிறவர்கள் பெரும்பாலும் 72-ஐ 75 ஆக்குவதற்கே முழு பலத்தையும் செலவழிப்பார்கள். "ரிலோகேஷனுக்கு உதவுவோம்" என்ற அந்த ஒற்றை வரியை யாரும் தொடமாட்டார்கள். உங்கள் விஷயத்தில் பெரிய பணம் அந்த வரிக்குள்தான் இருக்கிறது, அதனால் முதலில் அதைப் பிரிப்போம்.

பிரிட்டனின் ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது விசா கட்டணத்தோடு, அங்குள்ள அரசு மருத்துவச் சேவைக்கான ஹெல்த் சர்சார்ஜ் என்ற ஒன்றையும் கட்ட வேண்டும். பெரியவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்ட், குழந்தைக்கு 776. ஆண்டுதோறும் கட்டுகிற ஏற்பாடு கிடையாது. விசா எத்தனை ஆண்டுக்கோ அத்தனை ஆண்டுக்கும் சேர்த்து, விண்ணப்பிக்கும் நாளிலேயே கட்ட வேண்டும். உங்கள் மூவருக்கும் மூன்று ஆண்டு விசா என்றால் சர்சார்ஜ் மட்டும் 8,538 பவுண்ட். 2025 ஏப்ரலில் வந்த விகிதப்படி விசா கட்டணம் தலைக்கு 769, ஆக 2,307. மொத்தம் 10,845 பவுண்ட். இதுவே ஐந்து ஆண்டு விசா என்றால் கட்டணமும் தலைக்கு 1,519 ஆகிவிடும், மொத்தம் 18,787-க்குப் போய்விடும்.

இதன் பிறகு விமான டிக்கெட், முதல் சில வாரங்களுக்குத் தற்காலிகத் தங்குமிடம், அதற்குப் பிறகு வாடகை வீடு. இங்கிலாந்தில் வாடகை முன்பணத்துக்குச் சட்டப்படி ஐந்து வார வாடகை என்ற உச்சவரம்பு உண்டு (ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழே இருக்கும் வீடுகளுக்கு). மாத வாடகை 2,000 என்று வைத்துக்கொண்டால் முன்பணமும் முதல் மாத வாடகையும் சேர்ந்து சுமார் 4,300. ஆகவே பிப்ரவரி கடைசியில் முதல் சம்பளம் கணக்கில் விழுவதற்கு முன்பே, டிக்கெட்டையும் தங்குமிடத்தையும் சேர்க்காமலேயே, 15,000 பவுண்டுக்கு மேல் உங்கள் கையிலிருந்து போயிருக்கும். சைனிங் போனஸ் இதற்கு உதவும் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். அது சேர்ந்த பிறகு, சம்பளத்தோடு, வரி பிடித்துத்தான் வரும்.

அதனால் ஹெச்.ஆரிடம் நீங்கள் அனுப்ப வேண்டிய முதல் கேள்வி சம்பளத்தைப் பற்றியதே அல்ல. "விசா கட்டணமும் ஹெல்த் சர்சார்ஜும் எனக்கு மட்டுமா, குடும்பத்துக்கும் சேர்த்தா? நீங்களே நேரடியாகக் கட்டுவீர்களா, நான் கட்டி பில் கொடுத்து வாங்க வேண்டுமா? ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ் எத்தனை ஆண்டுக்கு?" என்று கேளுங்கள். பல நிறுவனங்களின் கொள்கையில் ஊழியருக்கு மட்டும் என்றுதான் இருக்கும், குடும்பத்துக்கும் கேட்டால் தருவார்கள். கேட்காதவர்களுக்குத் தானாக வந்து சேராது. ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ் என்பது விசாவுக்காக நிறுவனம் உங்கள் பெயரில் வழங்குவது, அந்தக் கடைசிக் கேள்விக்குப் பின்னால் இன்னொரு கணக்கு இருக்கிறது. அவர்கள் கட்டுகிறார்கள் என்றால் ஐந்து ஆண்டு கேளுங்கள், இடையில் புதுப்பிக்கும் செலவு மிச்சம். நீங்களே கட்ட வேண்டும் என்றால் மூன்று ஆண்டு போதும் என்று சொல்லுங்கள், கைமுதல் அவ்வளவும் முதல் நாளே முடங்காது.

செலவே இல்லாத ஒரு உதவியும் உண்டு. விசா விண்ணப்பத்தில் குடும்பத்தோடு முதல் மாதத்தைச் சமாளிக்கக் கையில் பணம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். உங்களுக்கு 1,270, மனைவிக்கு 285, மகளுக்கு 315 பவுண்ட், 28 நாள் தொடர்ந்து வங்கியில் இருந்திருக்க வேண்டும். ஸ்பான்சர், அதாவது உங்களை வேலைக்கு எடுக்கும் நிறுவனம், அரசின் ஏ ரேட்டிங் பெற்றதாக இருந்து அந்தப் பொறுப்பைத் தானே ஏற்றுச் சான்றிதழில் ஒரு குறி போட்டுவிட்டால் இந்தப் பணத்தை நீங்கள் காட்டவே வேண்டாம். மறக்காமல் கேளுங்கள், குடும்பத்தினரையும் சேர்த்து.

இப்போது வரி. எந்தத் தலைப்பில் பணத்தைக் கேட்பது என்பதை இங்கே வரிதான் முடிவு செய்கிறது. பிரிட்டனில் ஆண்டு வருமானத்தில் முதல் 12,570 பவுண்டுக்கு வரி இல்லை. 50,270 வரை 20 சதவீதம், அதற்கு மேல் 40. இந்த வரம்புகள் 2021-லிருந்து மாறவில்லை. இதோடு தேசியக் காப்பீடு 12,570-க்கு மேல் 50,270 வரை 8 சதவீதம், அதற்கு மேல் 2. உங்கள் 72,000-இல் ஓய்வூதியப் பிடித்தத்துக்கு முன் கைக்கு வருவது மாதம் சுமார் 4,360 பவுண்ட். 72,000-க்கு மேல் கூடுதலாக வாங்கும் ஒவ்வொரு 1,000-இலும் உங்களுக்கு நிற்பது 580 மட்டுமே.

சைனிங் போனஸும் சம்பளம்தான், அதே வரி. ஆனால் ரிலோகேஷன் செலவுக்கு 8,000 பவுண்ட் வரை வரிவிலக்கு இருக்கிறது. பயணம், சாமான் அனுப்புவது, தற்காலிகத் தங்குமிடம், பழைய வீட்டில் விட்டுவந்த பொருள்களுக்குப் பதிலாகப் புது வீட்டுக்கு வாங்கும் பொருள்கள் இதெல்லாம் இதில் வரும். இந்த 8,000 முழுசாகக் கைக்கு வருகிறது. அதே 8,000 உங்கள் கையில் நிற்க வேண்டும் என்றால் 40 சதவீத அடுக்கில் கிட்டத்தட்ட 13,800 பவுண்ட் போனஸ் தர வேண்டியிருக்கும். நிறுவனத்துக்கும் இதில் லாபம், விலக்குக்குள் வரும் தொகைக்கு அவர்கள் பங்குக்கான காப்பீட்டுத் தொகை இல்லை. ஆகவே "போனஸை 10,000 ஆக்குங்கள்" என்று கேட்பதைவிட "ரிலோகேஷனுக்கு 8,000 என்று எண்ணைப் போட்டு எழுதுங்கள்" என்று கேட்பது இரு தரப்புக்கும் மலிவு.

இரண்டு இடத்தில் இது கெட்டுப்போகும். ஒன்று, "வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு மொத்தத் தொகையைச் சம்பளத்தோடு போட்டுவிடுவது. அப்படி வந்தால் பெரும்பாலும் அது வரிக்குட்பட்ட வருமானமாகவே கணக்காகும். ரசீதுக்கு எதிராகத் தரும்படியோ, டிக்கெட்டையும் சரக்கு நிறுவனத்தையும் அவர்களே நேரடியாகக் கட்டும்படியோ கேளுங்கள். சேர்ந்த வரி ஆண்டுக்கு அடுத்த வரி ஆண்டு முடியும்வரை செலவு செய்ய அவகாசம் உண்டு, பிப்ரவரியில் சேரும் உங்களுக்கு அது பதினாலு மாதம். இன்னொன்று, ஹெல்த் சர்சார்ஜ் விலக்குப் பட்டியலில் இல்லை. நிறுவனம் அதைக் கட்டினால் அதற்கான வரி யார் தலையில் என்பதை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். "வரியையும் நாங்களே ஏற்கிறோம்" என்று எழுத்தில் வரவில்லை என்றால், சில மாதம் கழித்துச் சம்பளச் சீட்டில் புரியாத ஒரு பிடித்தம் வந்து நிற்கும்.

போனஸைக் கூட்டாவிட்டாலும் அது வரும் மாதத்தை மாற்றலாம், பிப்ரவரியில் சேருகிறவருக்கு அது ஒரு அதிர்ஷ்டம். பிரிட்டனின் வரி ஆண்டு ஏப்ரல் 6-இல் தொடங்குகிறது. பிப்ரவரி, மார்ச் இரண்டு சம்பளம் சேர்ந்து 12,000 பவுண்ட், வரியில்லா வரம்புக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. 5,000 போனஸ் மார்ச் சம்பளத்தோடு வந்தால் அதில் 886 வருமான வரி, 100 காப்பீடு, உங்களுக்கு நிற்பது 4,014. அதே போனஸ் "மூன்று மாதம் முடிந்ததும்" என்று மே மாதம் வந்தால் 40 சதவீத அடுக்கில் விழுந்து 2,900 மட்டுமே நிற்கும். முதல் மாதங்களில் வரிக் குறியீடு சரியாக ஏறாமல் கூடுதலாகப் பிடித்துவிட்டாலும், பின்னர் வருவாய்த் துறை திருப்பித் தந்துவிடும். "போனஸை முதல் அல்லது இரண்டாம் சம்பளத்தோடு தாருங்கள்" என்பதற்கு நிறுவனம் ஒரு பென்னிகூடக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டியதில்லை. ஆனாலும் இதைக் கேட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

வாடகை முன்பணத்துக்கு இலவசமாகக் கேட்காமல் கடனாகக் கேளுங்கள். நிறுவனம் தரும் வட்டியில்லாக் கடன் மொத்தம் 10,000 பவுண்டைத் தாண்டாதவரை அதைச் சலுகையாகக் கணக்கிட்டு வரி போடமாட்டார்கள். 4,500 கடன், பத்து மாதத் தவணையில் சம்பளத்தில் கழிப்பது என்றால் தயங்குகிற நிதித் துறைகூட ஒப்புக்கொள்ளும்.

இனி சம்பளம். ஒருமுறை தரும் தொகைக்கும் மாதச் சம்பளத்துக்கும் நிறுவனத்தில் பெட்டிகள் வேறு, கேட்கும் முறையும் வேறு. ஒருமுறைத் தொகையை ரிக்ரூட்டரே பெரும்பாலும் முடிவு செய்துவிடுவார், அவருக்கு வேண்டியது பில். மாதச் சம்பளத்தைக் கூட்ட மேலாளர் கையெழுத்திட்டு, அதே குழுவில் இருப்பவர்களோடு ஒப்பிட்டு நியாயம் எழுத வேண்டும். அங்கே "எனக்குச் செலவு அதிகம்" என்ற வாதம் எடுபடாது. உங்கள் படிநிலை என்ன, அதன் சம்பள வீச்சு என்ன, அதில் எங்கே வைத்திருக்கிறார்கள், ஏன் என்று கேளுங்கள். நேர்முகத்தில் அவர்கள் வியந்த விஷயம் ஒன்று இருந்தால் அதை எடுத்து, "இந்தப் பொறுப்பை முதல் நாளிலிருந்தே பார்க்கப் போகிறேன் என்பதால் வீச்சின் மேல்பாதியில் 78,000 பொருந்தும்" என்று ஒரு எண்ணைச் சொல்லுங்கள். இப்போது வாங்கும் சம்பளத்தைப் பவுண்டாக மாற்றிச் சொல்லாதீர்கள். யாராவது கேட்டால், "அந்தச் சந்தை வேறு, லண்டனில் இந்தப் படிநிலைக்குரிய வீச்சை வைத்தே பேசலாம்" என்று மரியாதையாக நகர்த்திவிடலாம். 6,000 கூடினால் கைக்கு வருவது மாதம் 290 பவுண்ட். சின்னதாகத் தெரியும், ஆனால் அடுத்தடுத்த உயர்வுகளும் ஓய்வூதியப் பங்களிப்பும் அதன் மேல்தான் கணக்காகும் என்பதால் கேட்காமல் விடக்கூடாது. விசாவுக்குத் தேவையான குறைந்தபட்சச் சம்பளத்தில் போனஸும் படிகளும் சேராது, உத்தரவாதமான அடிப்படைச் சம்பளம் மட்டுமே சேரும். பொது வரம்பு 2025 ஜூலையிலிருந்து 41,700, உங்கள் தொழிலுக்கான விகிதம் அதைவிடக் கூடுதல் என்றால் அதுவே வரம்பு. 72,000-இல் உங்களுக்கு இந்தக் கவலை இருக்காது, ஆனால் "அடிப்படையைக் குறைத்துப் போனஸைக் கூட்டலாமா" என்று யாராவது சொன்னால் இது நினைவிருக்கட்டும்.

சம்பளம் நகருமா நகராதா என்பதை ரிக்ரூட்டரின் பதிலிலேயே கண்டுபிடித்துவிடலாம். "மேலாளரிடம் பேசிப் பார்க்கிறேன்" என்றால் இடம் இருக்கிறது. "அடிப்படையில் முடியாது, ஆனால் ஒருமுறைத் தொகையாக ஏதாவது பார்க்கலாமா" என்று அவரே சொன்னால் வீச்சின் உச்சியைத் தொட்டுவிட்டீர்கள். அங்கே மேலும் தள்ளாமல், திறந்த பெட்டியில் கை வையுங்கள். பொதுத் துறை, பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் சம்பள அட்டவணை அச்சிலேயே இருக்கும். அங்கே அதிகபட்சம் அட்டவணையில் ஓரிரு படி மேலே கேட்கலாம், அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில் எழுதுங்கள். இன்றைக்கு ஒன்று, நாளைக்கு இன்னொன்று என்று கேட்கிறவர்மேல் எரிச்சல்தான் வரும். நீங்கள் அனுப்ப வேண்டியது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"ஆஃபருக்கு நன்றி, இந்தக் குழுவில் சேர ஆவலாக இருக்கிறேன். முடிவு செய்வதற்கு முன் நான்கு விஷயம். இந்தப் பொறுப்புக்கு அடிப்படைச் சம்பளம் 78,000 ஆக முடியுமா? மூவருக்கும் விசா கட்டணமும் ஹெல்த் சர்சார்ஜும் சேர்ந்து 10,845 ஆகிறது, கணக்கை இணைத்திருக்கிறேன், இதை நிறுவனம் நேரடியாகக் கட்ட முடியுமா? ரிலோகேஷன் உதவியை ரசீதுக்கு எதிராக 8,000 என்று குறிப்பிட முடியுமா? சைனிங் போனஸை மார்ச் சம்பளத்துக்குள் தர முடியுமா? இவை ஒத்துவந்தால் இந்த வாரமே கையெழுத்திட்டு அனுப்புகிறேன்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். தந்தால் வருவாரா, இன்னும் கேட்பாரா என்று தெரியாமல் எந்த ரிக்ரூட்டரும் மேலே போய்ப் பேசமாட்டார். கடன் விஷயத்தை இரண்டாம் சுற்றுக்கு வைத்துக்கொள்ளலாம், ஏதாவது ஒன்றை அவர்கள் மறுத்தால் அதற்குப் பதிலாகக் கேட்க.

எல்லாம் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். விசாவுக்கு 10,845, ரிலோகேஷன் 8,000, போனஸ் 5,000, ஆக 23,845 பவுண்ட். இப்போது ஒப்பந்தத்தில் திருப்பித் தரும் விதியைத் தேடுங்கள். "24 மாதத்துக்குள் விலகினால் முழுத் தொகையும் திருப்பித் தர வேண்டும்" என்று இருந்தால், பதினோராம் மாதம் விலகுகிறவர் அந்த 23,845-ஐயும் எடுத்து வைக்க வேண்டும். கைக்கு வரும் ஐந்து மாதச் சம்பளத்துக்கும் மேல். அதையே "12 மாதம், மாதத்துக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு குறையும்" என்று மாற்றினால் அதே பதினோராம் மாதத்தில் தர வேண்டியது சுமார் 1,990 மட்டுமே. 72-ஐ 78 ஆக்குவதைவிட இந்த ஒரு வாக்கியத்தை மாற்றுவதுதான் பெரிய வெற்றி என்பது என் கருத்து.

அதே விதியில் மேலும் சிலவற்றைத் திருத்தச் சொல்லுங்கள். போனஸில் உங்கள் கைக்கு வந்தது 4,014, ஆனால் விதி 5,000-ஐக் கேட்கும். "வரி போக நிகரமாகப் பெற்ற தொகை" என்று எழுதச் சொல்லுங்கள். கடிகாரம் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஓட வேண்டும், ஒவ்வொரு தொகையும் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல. ஆட்குறைப்பிலோ தகுதிகாண் காலத்திலோ அவர்களே வெளியே அனுப்பினால் இந்த விதி பொருந்தாது, நீங்களாக விலகினாலோ ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டாலோ மட்டுமே பொருந்தும் என்று இருக்க வேண்டும். பல ஒப்பந்தங்களில் "எந்தக் காரணத்தால் வேலை முடிந்தாலும்" என்றுதான் அச்சாகியிருக்கும். பெரும்பாலும் கெட்ட எண்ணம் கிடையாது, பழைய படிவத்தை யாரும் திறந்து பார்ப்பதில்லை. "குடியேற்றச் செலவு அனைத்தும்" என்ற சொல்லையும் கவனியுங்கள். வெளிநாட்டு ஊழியரை எடுப்பதற்காக அரசுக்குக் கட்டும் இமிக்ரேஷன் ஸ்கில்ஸ் சார்ஜ் என்பதை நிறுவனம்தான் ஏற்க வேண்டும், ஊழியரிடமிருந்து வசூலிக்கக்கூடாது. ஸ்பான்சர்ஷிப் சான்றிதழின் கட்டணமும் 2024 டிசம்பர் 31-இலிருந்து வழங்கியவற்றுக்கு அதே நிலைதான். இந்த இரண்டையும் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

சலுகைகளில் இரண்டை மட்டும் பார்த்தால் போதும், ஜிம் உறுப்பினர் கட்டணத்தையெல்லாம் விட்டுவிடுங்கள். ஓய்வூதியத்தில் நிறுவனம் எத்தனை சதவீதம் போடுகிறது, அது முழுச் சம்பளத்தின் மேலா, சட்டம் சொல்லும் குறுகிய வரம்பின் மேலா என்று கேளுங்கள். சட்டப்படியான குறைந்தபட்சம் 3 சதவீதம்தான், நல்ல நிறுவனங்கள் அதைவிடத் தாராளம். உங்கள் ஓய்வூதியப் பங்கை வரிக்கு முன்பே சம்பளத்திலிருந்து விட்டுக்கொடுக்கும் முறை இருந்தால், 5 சதவீதம் என்று நீங்கள் போடும் 3,600-க்குக் கைச் சம்பளத்தில் குறைவது சுமார் 2,090 மட்டுமே. இன்னொன்று தகுதிகாண் காலத்தின் நோட்டீஸ். ஒப்பந்தத்தில் ஒரு வாரம் என்று போட்டிருப்பார்கள். உள்ளூர்க்காரருக்கு அது பெரிதில்லை. உங்கள் விசா வேலையோடு கட்டியது. வேலை போனால் புது ஸ்பான்சரைத் தேடப் பொதுவாகக் கிடைப்பது 60 நாள். அதற்குள் வீட்டு வாடகையும் மகளின் பள்ளியும் இருக்கின்றன. "தகுதிகாண் காலத்திலும் ஒரு மாத நோட்டீஸ்" என்று கேளுங்கள், குடும்பத்தோடு நாடு மாறுகிறேன் என்ற காரணத்தை மறுப்பவர்கள் குறைவு.

பேச்சு முடிந்ததும், தொலைபேசியில் ஒப்புக்கொண்ட ஒவ்வொன்றும் திருத்திய ஆஃபர் கடிதத்தில் ஏறியிருக்கிறதா என்று வரிவரியாகப் பாருங்கள். ரிக்ரூட்டர் வேலை மாறிப் போய்விட்டால் அவர் வாயால் சொன்னதை அடுத்தவர் தேடிப் பார்க்கமாட்டார். ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ் வழங்குவதற்கு முன்பே இதையெல்லாம் முடித்துவிடுங்கள். சம்பளமும் காலமும் அதில் பதிவாகிவிட்ட பிறகு மாற்றுவது அவர்களுக்கும் தலைவலி. இப்போதைய வேலையில் ராஜினாமாக் கடிதத்தை விசா கைக்கு வந்த பிறகே கொடுங்கள். உங்கள் நோட்டீஸ் காலம் நீளமானது என்றால் பிப்ரவரி தேதியைச் சற்றுத் தள்ளச் சொல்லலாம். ஆனால் ஏப்ரல் 6-ஐத் தாண்டித் தள்ளினால் போனஸுக்கு மேலே சொன்ன கணக்கு செல்லாது, 2,900 தான்.